எரிவது காபியின் புளிப்பு அல்ல

கேள்வி: காலை காபி குடித்ததும் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது. தூளை ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து இறக்கினால் அமிலம் குறையும், வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: அந்த ஊறவைத்த காபிக்காக ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்காதீர்கள். உங்கள் தொண்டை வரை ஏறி வருவது காபியின் அமிலம் இல்லை, உங்கள் வயிற்று அமிலம். அமிலத்தை அளக்கும் பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். காபியின் பிஎச் அளவு சுமார் 5. வெறும் வயிற்றில் இருக்கும் அமிலம் 2க்கும் கீழே போகும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், வயிற்றில் இருப்பது காபியைவிட ஆயிரம் மடங்கு கடுமையானது. 2018இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இரண்டு விதமாகவும் இறக்கி அளந்து பார்த்தார்கள். சூடாக இறக்கியதும் குளிர்ச்சியாக ஊறியதும் ஏறக்குறைய ஒரே பிஎச்தான். ஊறியதில் மொத்த அமிலம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

காபி செய்வது வேறு வேலை. வயிற்றை அமிலம் சுரக்கத் தூண்டும். உணவுக்குழாயின் அடியில் வயிற்றின் வாயை இறுக்கி மூடும் தசையையும் சிலருக்குத் தளர்த்திவிடும். இதில் காஃபீனுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணமும் இல்லை. காஃபீன் நீக்கிய காபியும் அமிலத்தைத் தூண்டும்.

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்கும் இதே தொல்லை. நாலரை மணிக்கு எழுந்து, முதல் டிகாக்ஷனில் ஒரு முழு டம்ளர் குடிப்பார். குழாயில் தண்ணீர் வர நேரம் இருக்கிறதே என்று திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்வார். தளர்ந்த வாய், காலி வயிறு, அதன்மேல் படுக்கை! அமிலம் மேலே வராமல் என்ன செய்யும்? அமிலம் குறைந்தது என்று விற்ற தூளை இரண்டு வாரம் வாங்கிப் பார்த்தார், எரிச்சல் அப்படியே இருந்தது. அப்புறம் தூளை விட்டுவிட்டுப் பழக்கத்தை மாற்றினோம். இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகு அரை டம்ளர், அதுவும் இரண்டாவது டிகாக்ஷனில். முதல் முறையிலேயே காஃபீனில் பெரும்பகுதி இறங்கிவிடுவதால் இரண்டாவதில் குறைவு. குடித்த பிறகு படுப்பது கிடையாது. பத்து நாளில் ஏப்பம் நின்றது.

நீங்களும் ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் என்று செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கேட்டது என்று தெரியாது. முதல் வாரம் சாப்பிட்ட பிறகு காபி, அடுத்த வாரம் அளவைப் பாதியாக்குங்கள். சிக்கரி கூடுதலாகக் கலந்த தூளையும் பார்க்கலாம், சிக்கரியில் காஃபீன் கிடையாது. ஒரு வாரம் காபியே குடிக்காமலும் எரிந்தால் குற்றவாளி காபி இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டு உடனே படுக்கிறீர்களா என்று பாருங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும்.

விழுங்கும்போது தொண்டையில் அடைத்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ, காரணமின்றி உடல் இளைத்தாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே வயிற்று மருத்துவரைப் பாருங்கள். எரிச்சலோடு மார்பு இறுகி, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அது நெஞ்செரிச்சல்தான் என்று நீங்களாக முடிவு செய்யாமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.