பென் டிஸ்ப்ளே: முதலில் ஸ்டாண்டின் சாய்வு

கேள்வி: புதிதாக பென் டிஸ்ப்ளே வாங்கியிருக்கிறேன். நிப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் கோடு விழுகிறது. படத்தை போனில் பார்த்தால் நிறமும் வேறாக இருக்கிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

செட்டிங்கைத் தொடுவதற்கு முன் ஸ்டாண்டின் சாய்வை முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் உங்கள் கண் இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

திரையை அணைத்துவிட்டு, வரையும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள். கறுப்புக் கண்ணாடியில் டியூப்லைட்டோ ஜன்னலோ தெரிந்தால், வரையும்போதும் அது அங்கேதான் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள், அல்லது சாய்வை மாற்றுங்கள். மேட் ஃபிலிம் ஒட்டுவது எனக்குக் கடைசி வழிதான். கூசுவது குறையும், ஆனால் வெள்ளைப் பகுதியில் பொடிப்பொடியாக மினுக்கம் தெரியும், நிப்பும் சீக்கிரம் தேயும்.

இனி பேனா. நிப் கண்ணாடியின் மேல் நிற்கிறது, பிக்சல் அடியில் இருக்கிறது. 2 மி.மீ. கண்ணாடியை 45 டிகிரி சாய்வில் பார்த்தால், ஒளிவிலகலையும் சேர்த்து, சுமார் 1 மி.மீ. தள்ளித் தெரியும். கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் இன்னும் கூடும். லேமினேட் செய்த திரையில் அந்த இடைவெளிதான் இல்லை, கண்ணாடியின் தடிமன் அப்படியேதான் இருக்கும். அதனால் டிரைவரில் கேலிப்ரேஷன் செய்யும்போது குனிந்து நேர் மேலிருந்து பார்க்காதீர்கள். வழக்கமாக உட்காரும் நிலையில், சிலுவைக் குறியின் நடு உங்கள் கண்ணுக்கு எங்கே தெரிகிறதோ அங்கே நிப்பை வையுங்கள். சாய்வை மாற்றினால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கோடு ஒரு விரல் அகலத்துக்கு மேல் தள்ளி விழுந்தால் அது இந்தப் பிரச்சினையே இல்லை. டிரைவர் பேனாவை லேப்டாப் திரையோடு இணைத்திருக்கும். மானிட்டர் தேர்வில் டேப்லெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

நிறத்துக்கு ஓர் உதாரணம்: மாநிறத் தோல். டேப்லெட் தன் முழு நிற வீச்சில் ஓடினால், நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் அந்தப் பழுப்பு சிவந்து தெரியும். நீங்கள் செறிவைக் குறைப்பீர்கள். போனில் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். டேப்லெட்டின் மெனுவில் sRGB இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் 6500K, காமா 2.2. வெளிச்சத்தை, பக்கத்தில் வைத்த வெள்ளைத்தாளும் திரையின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் அளவுக்கு இறக்குங்கள். திரையின் நிறத்தை அளக்கும் கருவி கிடைத்தால் சுமார் 120 நிட்ஸ் என வைத்து, அது தரும் புரொஃபைலை விண்டோஸில் `colorcpl` திறந்து டேப்லெட்டுக்குச் சேருங்கள். பிறகு வெளிச்சத்தையோ மோடையோ மாற்றினால் அந்தப் புரொஃபைல் பொருந்தாது. எச்டிஎம்ஐ இணைப்பில் கறுப்பு வெளிறித் தெரிந்தால், கிராஃபிக்ஸ் செட்டிங்கில் வெளியீட்டு வீச்சு Full ஆக இருக்கிறதா என்று பாருங்கள். போன் Vivid மோடில் இருந்தால் அதை வைத்து ஒப்பிடாதீர்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் 178 டிகிரியை நம்பி ஓரத்தில் நிறம் தீர்மானிக்க வேண்டாம். கான்ட்ராஸ்ட் 10:1 ஆகக் குறையும் வரை உள்ள கோணத்தைத்தான் வழக்கமாக அப்படிப் போடுகிறார்கள். நிறம் அதற்கு வெகு முன்பே மாறத் தொடங்கும். பெரிய திரையைக் கிட்டத்தில் வைத்து வரையும்போது மேல் மூலைகளைச் சாய்வாகத்தான் பார்க்கிறோம். நான் முகத்துக்கு நிறம் வைக்கும்போது கேன்வாஸை நகர்த்தி, அந்த முகத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.