ரயில்வே ஏ.எல்.பி.க்கு அப்ளிகேஷன் போட்டாச்சு, இனி என்னென்ன நடக்கும்? விருதுநகர் அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, உங்க மெசேஜ் படிச்சேன். பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சிருக்கான், அசிஸ்டன்ட் லோகோ பைலட்டுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணி ஒரு மாசம் ஆச்சு, "உங்க விண்ணப்பம் பெறப்பட்டது"ன்னு ஒரு மெயில் வந்ததோட சரி, அதுக்கப்புறம் ஒண்ணும் வரல, அதுக்குள்ள உங்க அண்ணன் "அதெல்லாம் கிடைக்காது, நேரா ரெண்டாம் வருஷம் பி.இ. சேத்து விடு, மேனேஜ்மென்ட் சீட் நான் பேசித் தரேன்"னு தினமும் போன் பண்றாருன்னு எழுதியிருந்தீங்க. பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு நிறுத்திக்க எனக்கு மனசு வரல, ஏன்னா இந்த மாசம் நீங்க எடுக்கப்போற முடிவுல நாலு லட்சம் ரூபாயும் பையனோட மூணு வருஷமும் இருக்கு.

முதல்ல அந்த மெயில். அது ஃபார்மும் ஃபீஸும் போய்ச் சேர்ந்ததுக்கான ரசீது, அவ்வளவுதான். ஃபார்ம் சரியா இருக்கான்னு இன்னும் யாரும் பாக்கல. பரிசோதனை முடிஞ்சதும் ரயில்வே தேர்வு வாரியம், அதாவது ஆர்.ஆர்.பி., தன்னோட சைட்ல ஸ்டேட்டஸ் லிங்க் ஒண்ணு போடும், அதுல பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போட்டுப் பாத்தா தற்காலிகமா ஏத்துக்கிட்டாங்களா இல்ல நிராகரிச்சிட்டாங்களான்னு தெரியும். தற்காலிகம்னு ஏன் போடுறாங்கன்னா கடைசில ஒரிஜினல் சர்டிஃபிகேட் பாக்குறப்ப தப்பு இருந்தாக்கூட அன்னிக்கும் வெளிய அனுப்பலாம். நிராகரிக்கப்படுறது பெரும்பாலும் சின்ன விஷயத்துக்குத்தான், போட்டோ தெளிவா இல்ல, கையெழுத்த பெரிய இங்கிலீஷ் எழுத்துல தனித்தனியா போட்டிருக்கான், ஒரே ஆளு ரெண்டு ஆர்.ஆர்.பி.க்கு அனுப்பியிருக்கான், இந்த மாதிரி. அதுக்கு மேல்முறையீடுன்னு ஒண்ணு கிடையாது. அதனால இன்னிக்கே பையன rrbapply.gov.in போய் அப்ளிகேஷன் காப்பிய டவுன்லோட் பண்ணிப் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லுங்க, அதுல போட்டோ, கையெழுத்து, சாதி, எந்த ஆர்.ஆர்.பி.ன்னு நாலையும் நீங்களே ஒரு தடவ பாருங்க.

சரி, எவ்வளவு நாள் ஆகும்? 2024 அறிவிப்ப வச்சே சொல்றேன், அது முழுசா கண்ணு முன்னாடி நடந்தது. விண்ணப்பம் 2024 ஜனவரி 20 ல தொடங்கி பிப்ரவரி 19 ல முடிஞ்சுது. முதல் கம்ப்யூட்டர் தேர்வு அந்த வருஷம் நவம்பர் 25 முதல் 29 வரைக்கும், அதாவது அப்ளை பண்ணி ஒம்போது மாசம் கழிச்சு. நடுவுல காலி இடம் 5,696 ல இருந்து 18,799 ஆ ஏறுச்சு, அப்ப எந்த ஆர்.ஆர்.பி.ங்கிற விருப்பத்த மாத்திக்க ஒரு வாய்ப்பும் குடுத்தாங்க, சைட்டயே பாக்காம இருந்தவங்களுக்கு அது தெரியாமலே போச்சு. ரெண்டாவது தேர்வு மார்ச்ல வெச்சு தள்ளிப்போய் 2025 மே மாசம் நடந்துச்சு. அதுக்கப்புறம் கணினியில நடக்குற ஆப்டிட்யூட் டெஸ்ட், சிபாட்னு சொல்வாங்க, 2025 ஜூலை 15. அப்ளை பண்ணதுல இருந்து அதுக்கே ஏறக்குறைய ஒன்றரை வருஷம். அதுக்கு மேல சர்டிஃபிகேட் சரிபார்ப்பு, மெடிக்கல், ஜோன்ல இருந்து ஆர்டர், ட்ரெயினிங். ஒவ்வொரு அறிவிப்புக்கும் தேதி மாறும், ஆனா ரெண்டு வருஷம்னு மனசுல வெச்சுக்கோங்க. ஒரு மாசம் ஒண்ணும் வரலன்னா ஒரு தப்பும் நடக்கலன்னு அர்த்தம்.

இந்த ரெண்டு வருஷத்துல வேலையில்லாம வீட்ல உக்காந்து படிக்கிறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. இப்ப வொர்க்‌ஷாப்ல போய்ட்டிருக்கான்ல, அதத் தொடரட்டும், காலைல ரெண்டு மணி நேரம் படிக்கட்டும்.

முதல் தேர்வு 75 கேள்வி 60 நிமிஷம், தமிழ்லயே எழுதலாம், மூணு தப்புக்கு ஒரு மார்க் போகும். இந்த மார்க் கடைசி ரேங்க்ல சேராது, வடிகட்ட மட்டும்தான். காலி இடத்தப் போல 15 மடங்கு பேர அடுத்ததுக்கு எடுப்பாங்க. ரெண்டாவது தேர்வுல ரெண்டு பாகம். ஏ பாகம் 100 கேள்வி 90 நிமிஷம், கணக்கு, ரீசனிங், அடிப்படை அறிவியலோட இன்ஜினியரிங் டிராயிங், அளவு, லீவர்னு உங்க பையன் பாலிடெக்னிக்ல ஏற்கெனவே பண்ணது நிறைய வரும். ரேங்க்ல 70 சதவீதம் இந்த ஏ பாகத்துக்குத்தான். பி பாகம் 75 கேள்வி, 35 சதவீதம் எடுத்தாப் போதும், ஆனா அது ஐ.டி.ஐ. ட்ரேடு பாடத்துல இருந்து வரும், டிப்ளமோ பசங்க தங்க பிராஞ்சுக்கு குடுத்திருக்குற ட்ரேடுல ஒண்ண எடுத்துக்கணும். ஃபிட்டர் எடுத்திருந்தா ஃபிட்டர் ட்ரேடு தியரி புக் ஒண்ணு வாங்கிக் குடுங்க, டிப்ளமோ படிச்சவன் எனக்கென்னன்னு இத விட்டுட்டு ஏ பாகத்துல நல்ல மார்க் எடுத்தும் வெளிய போற பசங்க இருக்காங்க.

அடுத்து சிபாட். இதுக்கு காலி இடத்தப் போல 8 மடங்கு பேர்தான் போவாங்க. பாடம்னு ஒண்ணும் கிடையாது, ஞாபகசக்தி, சொன்னபடி வழி கண்டுபிடிக்கிறது, தூரம் ஆழம் கணிக்கிறது, கவனம் சிதறாம இருக்கிறது, வேகமாப் பாத்துப் புரிஞ்சுக்கிறது. ஒவ்வொரு டெஸ்ட்லயும் தனித்தனியா, மத்தவங்க மார்க்கோட ஒப்பிட்டுப் போடுற டி ஸ்கோர் 42 வேணும், ஒண்ணுல குறைஞ்சாலும் அவ்வளவுதான், எந்த சாதிக்கும் இதுல தளர்வு இல்ல. நெகட்டிவ் மார்க் கிடையாது. கேள்வி இங்கிலீஷும் ஹிந்தியும் மட்டும்தான், அத இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கணும். ரயில்வேயோட ஆர்.டி.எஸ்.ஓ. சைட்ல மாதிரி டெஸ்ட் இலவசமா இருக்கு, இதுக்குன்னு தனி கோச்சிங்க்கு ஒரு ரூபா குடுக்காதீங்க. ரேங்க்ல மிச்சம் 30 சதவீதம் இது.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்ற விஷயம், கண்ணு. சிபாட் அன்னிக்கே கண் டாக்டர் குடுத்த சர்டிஃபிகேட்ட அவங்க சொன்ன படிவத்துல ஒரிஜினலா கொண்டு போகணும், இல்லன்னா உள்ள விடமாட்டாங்க. ஏ 1 ன்னு ஒரு தரம், ரயில்வேயிலயே கடுமையானது. ரெண்டு கண்ணும் கண்ணாடி இல்லாம 6/6 இருக்கணும், பக்கத்துல இருக்கிறதப் பாக்குறதும் கண்ணாடி இல்லாம, நிறம் பிரிச்சுப் பாக்குறது, ராத்திரி வெளிச்சத்துல பாக்குறது, ரெண்டு கண்ணும் சேந்து பாக்குறது எல்லாம் தேறணும். லாசிக் பண்ணியிருந்தா கிடையாது. கடைசில ரயில்வே ஆஸ்பத்திரி மெடிக்கல்ல இதுல ஃபெயில் ஆனா வேற வேலையும் குடுக்க மாட்டாங்க, ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டது அந்த ஒரு நாள்ல போய்டும். அதனால பி.இ.யா ரயில்வேயான்னு பேசறதுக்கு முன்னாடி, இந்த வாரமே ஜி.எச். கண் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, "ரயில்வே ஏ 1 தரத்துக்குப் பாத்து சொல்லுங்க, கலர் விஷனும் பாருங்க"ன்னு டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க. சிவப்பு பச்சை குறைபாடு இருக்குற பசங்களுக்கு அது இருக்குறதே தெரியாது. குறை இருந்தா இப்பவே டெக்னீஷியன் பக்கம் திருப்பலாம், அங்க போஸ்ட்டப் பொறுத்து மருத்துவத் தரம் மாறும். கண்ணு சரியா இருந்தா உங்க அண்ணன்கிட்ட தெம்பா பேசலாம்.

அவர் சொன்ன கணக்கயே எடுத்துக்கலாம். வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சம், மூணு வருஷம், பஸ்ஸு புக்கு சேத்தா நாலு லட்சத்த தொடும், அதுல பாதி லோன்னு சொல்லியிருக்கீங்க. அந்த டிகிரி வந்தப்புறம் இதே ஏ.எல்.பி.க்கு அப்ளை பண்ணா அவனுக்கு ஒரு மார்க்கோ ஒரு ரூபாயோ கூடப்போறதில்ல, அதே லெவல் 2, அதே 19,900 அடிப்படைச் சம்பளம். ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கும் டிப்ளமோவே போதும். சொந்தக்காரங்க முன்னாடி பி.இ.ன்னு சொல்லிக்கிறதுக்கு நாலு லட்சம் ரொம்ப அதிகம் அக்கா, அதுவும் அவன் அப்பா ராத்திரி லாரி ஓட்டி சம்பாதிச்ச காசு. பையனும் மெசேஜ் கடைசில ரெண்டு வரி எழுதியிருக்கான் பாருங்க, "மறுபடி கிளாஸ்ல உக்கார முடியாது, இன்ஜின் பக்கம்தான் போகணும்"னு. பி.இ. பேச்ச எடுக்கிறப்ப அவனயும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க. அவன்கிட்ட மறைக்காம இதையும் சொல்லணும், இந்த வேலைல நேரங்கெட்ட நேரத்துல டூட்டி, வெளியூர் ரன்னிங் ரூம்ல தூக்கம், தீபாவளிக்கு வீட்ல இருப்பான்னு உத்தரவாதம் கிடையாது. அதுக்குத்தான் சம்பளத்தோட ஓடுற கிலோமீட்டருக்குன்னு ரன்னிங் அலவன்ஸும் தர்றாங்க. ஏ.எல்.பி.யா சேந்தா சீனியர் ஏ.எல்.பி., சரக்கு வண்டி, பயணிகள் வண்டி, மெயில் எக்ஸ்பிரஸ்னு படிப்படியா லோகோ பைலட்டா போற பாதை இருக்கு. தெரிஞ்சே வேணும்னா அவன் போகட்டும்.

இன்னொண்ணு எழுதியிருந்தீங்க, உங்க அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அஞ்சு லட்சம் குடுத்தா ஃபைல நகர்த்துவாருன்னு. நகர்த்த ஃபைலே கிடையாது, கம்ப்யூட்டர்ல மார்க், அதுல இருந்து ரேங்க், அவ்வளவுதான். குடுத்தீங்கன்னா காசும் போகும், கேஸுலயும் மாட்டுவான். அந்த ஆளோட நம்பர பிளாக் பண்ணுங்க.

சர்டிஃபிகேட் சரிபார்ப்புல நம்மூர் பசங்க மாட்டுற இடம் ஒண்ணு, நம்ம பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் அங்க செல்லாது, மத்திய அரசு படிவத்துல ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் சான்றிதழ் வேணும். இ சேவை மையத்துல கேட்டு வாங்கி வைங்க, தேதி பழசாச்சுன்னா புதுசு எடுக்கணும். டிப்ளமோ மார்க் ஷீட், பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட், ஆதார் மூணுலயும் பேரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, இனிஷியல் மாறியிருந்தா இப்பவே சரி பண்ண நேரம் இருக்கு. தேர்வு சென்டர்ல ஆதார் வெச்சு கைரேகையும் பாக்குறாங்க.

அப்ளிகேஷன்ல குடுத்த போன் நம்பரயும் மெயிலயும் கடைசி வரைக்கும் மாத்த முடியாது, அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போடாம விட்டுடாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவ, திங்கக்கிழமைன்னு வெச்சுக்கோங்க, அவன் அப்ளை பண்ண ஆர்.ஆர்.பி. சைட்ட அவனே தொறந்து பாக்கட்டும். தேர்வுக்கு ஏறக்குறைய பத்து நாள் முன்னாடி எந்த ஊர்னு வரும், நாலு நாள் முன்னாடி ஹால் டிக்கெட் வரும், மதுரைதான் கிடைக்கும்னு சொல்ல முடியாது, அதனால பயணச் செலவுக்கு ஒரு ரெண்டாயிரம் ஒதுக்கி வைங்க. முதல் தேர்வு எழுதிட்டா கட்டின 500 ல 400 ரூபா, பேங்க் சார்ஜ் போக, அவன் குடுத்த அக்கவுன்ட்டுக்கே திரும்ப வரும், அந்த அக்கவுன்ட் நம்பர் சரியான்னும் அந்தப் பிரிண்ட்லயே பாத்துடுங்க. ஜி.எச். போய்ட்டு வந்ததும் டாக்டர் என்ன எழுதினாருன்னு போட்டோ அனுப்புங்க, அதப் பாத்துட்டு அடுத்தது பேசலாம்.