ஜூலை பில்லில் மைனஸ் 300 ஏன்?

காரைக்குடியில் கண்டாங்கி சேலைக் கடை வைத்திருக்கிறேன். மாதம் 600 ரூபாய் மென்பொருள் திட்டத்தை ஜூன் 16 காலையில் 1500 ரூபாய் திட்டத்துக்கு மாற்றினேன். ஜூலை 1 பில் 1950. நடுவில் மைனஸ் 300 வேறு. ஏன்?

கணக்கு சரிதான். பழைய திட்டத்துக்கு ஜூன் முழுவதற்கும் முன்பணம் கட்டிவிட்டீர்கள். அதில் பயன்படுத்தாத 15 நாளுக்கான 300 ரூபாயைக் கழித்திருக்கிறார்கள்; அதுதான் அந்த மைனஸ். அதே 15 நாளுக்குப் புதிய திட்டத்தின் கட்டணம் 750. ஆக ஜூன் பாக்கி 450. மாற்றிய அன்றே வாங்காமல், ஜூலைக்கான 1500 முன்பணத்தோடு சேர்த்துவிட்டார்கள். இந்தக் கணக்கில் ஜிஎஸ்டி வரியைச் சேர்க்கவில்லை; அதைத் தனியாகப் பாருங்கள்.

ஆகஸ்ட் பில் 1500-க்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், அப்புறம் சண்டை போடலாம்.