செக் நோட்டீஸுக்குக் கோபத்தில் எழுதிய பதில்

கேள்வி: நண்பரிடம் 2024 ஜனவரியில் 3 லட்சம் ரூபாய் கைமாற்றாக வாங்கினேன். வட்டி பேசவில்லை. உத்தரவாதமாக அதே தொகைக்கு ஒரு செக் கொடுத்தேன். நான்கு தவணையாக 2 லட்சத்தை ஜிபேயில் திருப்பிவிட்டேன். இப்போது முழு 3 லட்சத்துக்கும் செக்கைப் போட்டு, பணமில்லை என்று திரும்பியதும் 24 சதவீத வட்டியோடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். 4ஆம் தேதி கைக்கு வந்தது. நான் எழுதிய பதிலை இணைத்திருக்கிறேன். அனுப்பலாமா ஐயா?

பதில்: அனுப்ப வேண்டாம். "உங்கள் கட்சிக்காரர் ஒரு கந்துவட்டிக்காரர், மோசடிப் பேர்வழி. நான் கடனே வாங்கவில்லை. 7 நாளில் நோட்டீஸை வாபஸ் வாங்காவிட்டால் போலீஸுக்குப் போவேன்" என்று தொடங்குகிறீர்கள். நான்காவது பத்தியில் 2 லட்சம் திருப்பிக் கொடுத்த கணக்கு வருகிறது. வாங்காத கடனை எப்படித் திருப்பினீர்கள் என்பதுதான் குறுக்கு விசாரணையில் வரும் முதல் கேள்வி. வட்டியே பேசாத கடனுக்குக் கந்துவட்டிப் புகாரும் நிற்காது. அது பொய் என்று தெரிந்த பிறகு, நீங்கள் சொல்லும் உண்மையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

அதற்காகப் பேசாமல் இருந்துவிடவும் கூடாது. செக்கில் இருப்பது உங்கள் கையெழுத்து என்றால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆவது பிரிவு அனுமானிக்கிறது. அதை மறுத்துக் காட்டும் சுமை உங்களுடையது. நோட்டீஸுக்குப் பதிலே தராதது எதிர்த்தரப்பின் பேச்சில் உண்மை இருப்பதாக எண்ண வைக்கும் என்று 2010இல் ரங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்கள் பலம் அந்த 2 லட்சம்தான். செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதி அடைந்திருந்தால், 56ஆவது பிரிவின்படி அதைச் செக்கில் குறித்துவிட்டு மீதிக்கு மட்டுமே வங்கியில் போட வேண்டும். அப்படிக் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138ஆவது பிரிவுக் குற்றம் ஆகாது என்று 2022இல் தஷ்ரத்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மீதி 1 லட்சம் நியாயமான கடன். அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, மற்றதை மட்டும் மறுங்கள். நான் திருத்திய வாசகம் இது:

"ஐயா, தங்கள் கட்சிக்காரர் சார்பாகத் தாங்கள் அனுப்பிய அறிவிப்பு 4ஆம் தேதி கிடைத்தது. 2024 ஜனவரியில் அவரிடம் ரூ.3,00,000 வட்டியில்லாக் கைமாற்றாகப் பெற்றேன். அதற்கு உத்தரவாதமாகவே அறிவிப்பில் கண்ட காசோலையைக் கொடுத்தேன். அதன்பின் இணைப்பில் கண்ட தேதிகளில் நான்கு தவணையாக ரூ.2,00,000 அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தியுள்ளேன். எனவே காசோலை வங்கியில் செலுத்தப்பட்ட நாளில் நான் தர வேண்டியது ரூ.1,00,000 மட்டுமே. ரூ.3,00,000 பாக்கி என்பதையும், வட்டி பேசப்பட்டது என்பதையும் மறுக்கிறேன். மீதி ரூ.1,00,000ஐ இன்று அவர் கணக்குக்கு அனுப்பியுள்ளேன். யுடிஆர் எண் கீழே உள்ளது. இதைப் பெற்றுக்கொண்டு காசோலையைத் திருப்பித் தரும்படி தங்கள் கட்சிக்காரருக்கு அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறேன். இதில் நான் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாத எதையும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம்."

இதில் யாரையும் குறை சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. 'மறுக்கிறேன்' என்ற சொல்லும் எதை மறுக்கிறீர்களோ அதன் பக்கத்திலேயே நிற்கிறது. எதிர் வக்கீல் தன் கட்சிக்காரரைக் கூப்பிட்டு, "இந்த 2 லட்சம் வந்ததா?" என்று கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் எழுதியதைப் படித்தால் அவர் கேட்பது வேறாக இருக்கும்: "உங்களை மோசடிக்காரர் என்கிறாரே, விடலாமா?" பெரும்பாலான செக் வழக்குகள் இந்த இடத்தில்தான் ஒன்று முடிகின்றன, இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போகின்றன.

1 லட்சம் இப்போது கையில் இல்லையென்றால், அனுப்பியதாக எழுதாதீர்கள். எந்தத் தேதிக்குள் தர முடியும் என்று, நிச்சயம் முடிகிற தேதியை எழுதுங்கள். கையெழுத்திட்ட அந்த ஒப்புதல், கடனை வசூலிக்க அவருக்குள்ள 3 ஆண்டுக் காலவரம்பைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். உண்மையில் தர வேண்டிய பணம்தானே, அதில் எனக்குத் தயக்கமில்லை.

எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய ஒரே பதில், "அந்த 2 லட்சம் வேறு கணக்குக்கு வந்தது" என்பது. உங்களுக்குள் வேறு கொடுக்கல் வாங்கல் உண்டா? இருந்தால் பதில் அனுப்பும் முன் எனக்குச் சொல்லுங்கள், வாசகத்தை மாற்ற வேண்டும். இல்லையென்றால் வாட்ஸப்பைத் தேடிப் பாருங்கள். "ரெண்டாவது தவணை போட்டுட்டேன்" என்று நீங்கள் எழுதி, அதற்கு அவர் "சரி" என்று போட்டிருந்தால் அதுவே போதும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

பணம் கட்ட 15 நாள் அவகாசம் 19ஆம் தேதியோடு முடிகிறது. அதற்கு முன்பே பணமும் பதிலும் போய்ச் சேர வேண்டும். பதிலை ஒப்புகை அட்டையோடு விரைவு அஞ்சலில் அந்த வக்கீலுக்கு அனுப்பி, ஒரு நகல், வங்கிப் பட்டியல், தபால் ரசீது மூன்றையும் சேர்த்து வையுங்கள். 19ஆம் தேதிக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். சம்மன் வந்தால் அந்தக் கட்டோடு வாருங்கள்.