கண்ணாடி பவர் சீட்டு: கேளுங்க, சொல்றேன்

டெஸ்ட் எடுக்கிற நாற்காலிக்குப் பக்கத்திலும், கடை கல்லாவுக்குப் பக்கத்திலும் பல வருஷம் நின்னவன் நான். சீட்டு பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கிறேன்.

கேள்வி: டெஸ்ட் முடிஞ்சதும் பவரை எழுதிக் கொடுங்கன்னேன். "எங்க சிஸ்டத்துல இருக்கு மேடம், எப்ப வேணா வாங்க"ன்னு மழுப்பிட்டாங்க. அப்படி என்ன ரகசியம்?

ரகசியம் இல்லீங்க, கணக்குதான். நிறையக் கடைகளில் டெஸ்ட் இலவசம். டெஸ்ட் எடுக்கிறவருடைய சம்பளம் ஃப்ரேமிலும் லென்ஸிலும்தான் வரணும். நீங்க சீட்டோட படியிறங்கினா அந்த இருபது நிமிஷம் கடைக்கு நஷ்டம்.

இன்னொரு காரணமும் இருக்கு, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. வேற இடத்தில் கண்ணாடி செஞ்சவர் தலைவலியோட எங்ககிட்ட வந்து "நீங்க கொடுத்த பவர் தப்பு"ன்னு நிப்பார். ஒருத்தர் அப்படி வந்தப்போ அவர் கண்ணாடியை, லென்ஸோட பவரை அளக்கிற லென்ஸோமீட்டரில் வெச்சுப் பார்த்தேன். ஆக்சிஸ்னா சிலிண்டர் பவரை வைக்கிற கோணம். நான் எழுதியது 80, லென்ஸில் இருந்தது 8. சீட்டைப் பார்த்து எழுதினவர் சைபரை விட்டுட்டார். கெட்ட பேர் எனக்கு.

அதனால நாற்காலியில் உட்காரும் முன்னாடியே கேட்டுடுங்க: "டெஸ்டுக்குத் தனியா எவ்வளவு? சீட்டு எழுதித் தருவீங்களா?" டெஸ்டுக்குக் காசு கொடுத்தவரிடம் மழுப்ப யாருக்கும் வாய் வராது.

கேள்வி: சீட்டு வந்துடுச்சு, பி.டி., அதாவது இரண்டு கண்மணிக்கும் நடுவில் உள்ள தூரம் மட்டும் எழுதல. அதையும் கொடுக்கணும்னு சட்டமே இருக்கே சார்?

பாதி சரி. சட்டம் ஊருக்கு ஊர் வேற. அமெரிக்காவை எடுத்துக்கிட்டா, டெஸ்ட் முடிஞ்சதும் கேட்காமலே சீட்டைக் கொடுக்கணும்னு 1978-லேயே விதி வந்துடுச்சு. ஆனா அந்த விதி பி.டி.யைக் கட்டாயமாக்கல. அது கண்ணாடி செய்றதுக்கான அளவு, டெஸ்டில் சேர்ந்ததில்லைன்னு கடைக்காரர்கள் வாதாடுவாங்க. எனக்கு அந்த வாதம் பிடிக்காது, ஆனாலும் அதுதான் நடப்பு.

அது எவ்வளவு முக்கியம்ங்கிறது உங்க பவரைப் பொறுத்தது. பி.டி. மொத்தத்தில் 4 மில்லிமீட்டர் தப்பாப் போச்சுன்னு வைங்க. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 1 இருந்தா, 0.4 சென்டிமீட்டரை 1-ஆல பெருக்கினா, லென்ஸ் பார்வையை விலக்குற அளவு 0.4 பிரிசம், பெரும்பாலானவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதுவே மைனஸ் 6-ன்னா 2.4 பிரிசம். இரண்டு கண்ணும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும், சாயங்காலத்துக்குள்ள புருவத்துக்கு மேல வலி வந்துடும். பெரிய பவர் உள்ளவங்க பி.டி. இல்லாம ஆர்டர் கொடுக்காதீங்க.

கேள்வி: ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் பார்த்தேன். ஒண்ணில் −2.00 / +0.75 × 90, இன்னொண்ணில் −1.25 / −0.75 × 180. யாரோ ஏமாத்துறாங்கதானே?

யாரும் ஏமாத்தல, இரண்டும் ஒரே பவர். முதல் எண் ஸ்பியர், அடுத்தது சிலிண்டர், கடைசியில் இருக்கிறது ஆக்சிஸ். சிலிண்டரை சிலர் ப்ளஸ்ஸில் எழுதுவாங்க, சிலர் மைனஸில். நீங்களே சரிபார்க்கலாம். முதல் சீட்டில் ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டுங்க: −2.00-உடன் +0.75 சேர்ந்தா −1.25. சிலிண்டரின் குறியை மட்டும் மாத்துங்க: −0.75. ஆக்சிஸை 90 திருப்புங்க: 180. இரண்டாவது சீட்டு வந்துடுச்சா?

ஆபத்து எங்கேன்னா, ரெண்டையும் கலந்து எழுதுறதில். முதல் சீட்டின் −2.00-ஐயும் இரண்டாவதின் −0.75-ஐயும் சேர்த்து எழுதினா அது யாருடைய பவரும் இல்லை. கையால எழுதுறதை விட்டுட்டு சீட்டைப் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

கேள்வி: எங்க அம்மாவோட பிரஷர் மாத்திரை சீட்டை மருந்துக்கடையில் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. இதே கதைதானா?

இல்லைம்மா, அது வேற. சில மருந்துகளுக்குச் சீட்டைக் கடை வைத்துக்கொள்ள வேண்டிய விதி இருக்கலாம். பிரஷர் மாத்திரைக்கும் அப்படியான்னு அந்த மருந்தாளரையே கேளுங்க, எனக்குத் தெரிஞ்ச தொழில் கண்ணாடிதான்.

கேள்வி: எதுக்கு இந்தச் சண்டை? பழைய கண்ணாடியை மெஷின்ல வெச்சாலே பவர் வந்துடுமே.

வரும். ஆனா அது அந்த லென்ஸில் இருக்கிற பவர், இன்னிக்கு உங்க கண்ணுக்கு வேண்டியது இல்லை. லென்ஸ் செஞ்சப்பவே தப்பு நடந்திருந்தா அதையும் சேர்த்து நகல் எடுத்துடும். போன மாசம் செஞ்சது உடைஞ்சு போச்சுன்னா தாராளமா அப்படிச் செய்யலாம்.

அதே ஆள் மறுபடியும்: அப்போ என்கிட்ட ஒன்றரை வருஷச் சீட்டு இருக்கு, அது செல்லுமா?

என்கிட்ட 40 வயசுக்காரர் ஒன்றரை வருஷச் சீட்டோட வந்தா தயங்குவேன், பக்கத்தில் வெச்சுப் படிக்கிற பார்வை அந்த வயசில்தான் மாற ஆரம்பிக்கும். 28 வயசு, பழைய கண்ணாடியில் எல்லாம் தெளிவாத் தெரியுதுன்னா செஞ்சு கொடுப்பேன். என்கூட வேலை பார்த்தவர் ஒரு வருஷம் தாண்டினாலே தொடமாட்டார். நாங்க இதில் கடைசி வரை ஒத்துப்போகவே இல்ல.