ஒருநாள் விட்டால் மூன்றும் போச்சு

*அப்பாவுக்கு 61 வயது, தறி ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தோம். மூன்று மாத்திரைக்குப் பதில் இப்போது ஒரே மாத்திரை (ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின், ராமிப்ரில்) எழுதியிருக்கிறார்கள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கிட்னி போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்ததிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார். வறட்டு இருமல் இருக்கிறது. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறார். அம்மாவும் இதே மாத்திரையைப் போடலாமா?*

அப்பாவை இன்றிலிருந்தே தினமும் போடச் சொல்லுங்கள். மூன்று தனி மாத்திரை இருந்தபோது ஒன்றை மறந்தாலும் மற்ற இரண்டு உள்ளே போயிருக்கும். இப்போது ஒருநாள் விட்டால், ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினும் சேர்ந்தே விடுபடுகிறது.

பிறகு ஏன் ஒரே மாத்திரையாக்கினார்கள்? என் ஓ.பி.க்கு வருபவர்களிடம் மஞ்சப்பையை மேஜையில் கொட்டச் சொல்வேன். போன மாதம் ஒருவர் கொட்டினார். ஆஸ்பிரின் அட்டை காலி. பிரஷர் மாத்திரையில் நான்கு மிச்சம். கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டை பிரிக்கவே இல்லை. "அதுதான் சார் விலை கூட, இந்த மாசம் விட்டுட்டேன்" என்றார். கூலி வேலை செய்பவர் வீட்டில் மருந்து விடுபடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

2013இல் வெளியான உம்பயர் ஆய்வில் பங்கேற்ற 2,004 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்தியர்கள். ஒரே மாத்திரை பெற்றவர்களில் 86 சதவீதம் பேர் ஒழுங்காகப் போட்டார்கள். தனித்தனியாகப் பெற்றவர்களில் 65 சதவீதம். ஏற்கெனவே மருந்தை விட்டுவிட்டு இருந்தவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது: 77க்கு 23. ஆனால் மாரடைப்பு குறைந்ததா என்று காட்டும் அளவுக்கு அது பெரிய ஆய்வு இல்லை.

அதைக் காட்டியது ஈரானின் கொலெஸ்தான் மாகாணத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு. 2019இல் வெளியானது. சுமார் 6,800 பேர். பாதிக் கிராமங்களுக்கு அறிவுரை மட்டும். மீதிக் கிராமங்களுக்கு அறிவுரையோடு தினம் ஒரு கூட்டு மாத்திரை. ஐந்து ஆண்டில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு முதல் பிரிவில் 8.8 சதவீதம் பேருக்கு வந்தது, மாத்திரைப் பிரிவில் 5.9. தவறாமல் போட்டவர்களிடம் பாதிக்கும் மேல் குறைந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் உங்கள் அப்பா இழப்பது அந்தப் பலனைத்தான்.

அந்த மாத்திரையிலும் ராமிப்ரிலின் இனத்தைச் சேர்ந்த எனலாப்ரில் இருந்தது. எனலாப்ரிலால் இருமல் வந்தவர்களுக்கு, அதற்குப் பதில் வால்சார்டான் சேர்த்த இன்னொரு மாத்திரையைக் கொடுத்தார்கள். அப்பாவின் இருமலுக்கும் இப்படி மாற்று உண்டு. கிட்னிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

கிட்னி விஷயத்துக்கு வருவோம். மூன்று மருந்தையும் ஒரே வில்லையில் அடைத்ததால் புதிதாக எந்த விஷமும் உண்டாவதில்லை. ராமிப்ரில் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும் பார்க்கவேண்டும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம். ஆனால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக் வகை வலி மாத்திரை ராமிப்ரிலோடு சேரும்போது கிட்னிக்குப் போகும் ரத்தம் குறையும். வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கும் நாளில் அது இன்னும் மோசம். வாட்ஸ்அப்பை நம்பி இதய மருந்தைப் பாதியாக்கியவர், கிட்னியைக் கெடுக்கக்கூடிய மாத்திரையை யாரையும் கேட்காமல் போடுகிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மூட்டு வலிக்குப் பாராசிட்டமாலை அளவோடு போடலாம். வலி மாத்திரை இன்றோடு நிற்கட்டும்.

அதே வலி மாத்திரை ஆஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றுக்குள் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும். பலருக்கு வயிறு வலிக்கவே வலிக்காது. மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கமில்லாத நாற்றத்தோடு போகும். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இராது. அப்பாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், இன்றே கேளுங்கள். அப்படிப் போனாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, காலை வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஸ்டென்ட் இருப்பதையும் வலி மாத்திரை போட்டதையும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரினைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

அம்மாவுக்கு வேண்டாம். இதய நோய் இல்லாதவருக்கு ஆஸ்பிரினால் வரும் ரத்தக்கசிவு, கிடைக்கும் பலனை விழுங்கிவிடலாம். முதலில் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் பாருங்கள். தேவையென்றால் அவருக்கென்று தனியாக எழுதித் தருவார்கள். அப்பாவின் அட்டையிலிருந்து ஒரு மாத்திரைகூடப் பிரிக்கக்கூடாது. மாதக் கடைசியில் அவருக்கே பத்தாமல் போகும்.