மழைக்குப் பிறகு கேட்ட பாராட்டு

கூரை ஒழுக்குத் திருத்துகிறோம். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் எழுதித் தரும் பாராட்டுகளை முகநூலில் போடுகிறோம். யாரும் அழைப்பதில்லை. (சுன்னாகம்)

வேலை முடிந்த அன்றே வாங்குவதுதான் பிழை. பூச்சுப் பூசிய அன்று எந்தக் கூரையும் ஒழுகாது. ஐப்பசி, கார்த்திகை மழை கழியட்டும், தை மாதம் அழைத்துக் கேளுங்கள். என் கிணற்று மோட்டரை ஒரு கடையில் திருத்தக் கொடுத்தேன். அங்கே ஒட்டியிருந்த பாராட்டெல்லாம் மோட்டரை வாங்கிப்போன அன்று எழுதியவை. என்னுடையது ஒரு மாதத்திலேயே எரிந்தது. அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது திகதியைத்தான்.

"சேவை எப்படி?" என்று கேட்டால் "நல்ல சேவை, நன்றி" என்றுதான் வரும். எங்களைக் கூப்பிட முதல் வீடு எப்படி இருந்தது, எங்களிடம் தர ஏன் தயங்கினீர்கள், இந்த மழைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். நடுக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அடுத்து வாசிப்பவருக்கும் அதே தயக்கம்தான் இருக்கும்.

ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைப்போம்: "சுவர் ஈரத்தால் கட்டிலை அறை நடுவில் இழுத்துப் போட்டுப் படுத்தோம். முதல் வந்த மேசன் வெடிப்பில் சீமெந்து பூசினார், அடுத்த மழைக்கே ஒழுகியது. அதனால் இவர்களையும் நம்பவில்லை." இதை அழகுபடுத்தாமல் அப்படியே போடுங்கள். கீழே உங்கள் பங்கைச் சொல்லுங்கள்: தண்ணீர் வந்தது வெடிப்பால் அல்ல, கைப்பிடிச் சுவரும் கூரையும் சேரும் மூலையால், அதைக் கொத்தி அடைத்து, பூச்சைச் சுவரிலும் ஏற்றினோம், வடிகுழாயை மூடி 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம், இத்தனை நாள், இவ்வளவு செலவு. முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படம் போதும். ஒரு மூலையில் பழைய கறை தெரிகிறது என்று அவர் சொன்னால் அதையும் அப்படியே போடுங்கள். ஒரு மாரி தாங்கிய கூரையைப் பத்து வருடம் தாங்கும் என்று எழுதாதீர்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, பெயருக்கும் ஊருக்கும் படத்துக்கும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். "திருமதி க., யாழ்ப்பாணம்" என்று போட்டால் நான் நம்பமாட்டேன்.

பாராட்டு எழுதினால் விலையில் கழிவு தரலாமா? (மானிப்பாய்)

வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் பாராட்டின் பக்கத்திலேயே அதைச் சொல்லுங்கள்.

வீடியோவில் ஒருவர் புகழ்ந்ததை நம்பி, பில் இல்லாமல் முழுக் காசும் கொடுத்துவிட்டேன். (சாவகச்சேரி)

பில் வாங்காமல் முழுக் காசையும் ஏன் கொடுத்தீர்கள்? இன்றே பில் கேளுங்கள்.

பாராட்டுகளைப் பார்த்துத்தான் பெயின்ற் வேலை கொடுத்தோம். சுவர் உரிகிறது. பாராட்டியவர்கள் அவருடைய உறவினர்களாம். (நல்லூர்)

உங்களில் ஒரு பிழையும் இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டுகளை அவர் அழிக்க முதல் திகதி தெரியப் படம் பிடித்து வையுங்கள். பிறகு பில்லையும் சுவரின் படங்களையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சேவை பற்றிப் பொய்யாகக் காட்டுவதைத் தடுக்கிறது. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.